முதல் வருமான வரிக் கணக்கைக் கைப்பேசியிலேயே தாக்கல் செய்வது எப்படி: ஓசூரில் வேலை மாறிய ஒருவரின் கணக்கு

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களிடம் வருமான வரி என்றதும் வரும் பதில் ஒன்றுதான்: "பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லையே, நமக்கு எதுக்கு?" வரி இல்லை என்பது உண்மை. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாம் என்பதுதான் உண்மையில்லை. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம் ரூபாய். மொத்த வருமானம் அதைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். பன்னிரண்டு லட்சம் என்பது வரியைப் போட்டு, பிறகு தள்ளுபடி செய்யும் எல்லை. அந்தத் தள்ளுபடி கணக்குக்குள்தான் கிடைக்கும்.

கைப்பேசியில் இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்பதைவிட, அமுக்குவதற்கு முன்னால் எந்தத் தொகையை எங்கே சரிபார்ப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் ஒரே ஒரு ஆளின் கணக்கை எடுத்துக்கொண்டு முழுவதும் போட்டுப் பார்ப்போம்.

நம் ஆள்

பாலக்கோடு பக்கத்து ஊர்க்காரர், டிப்ளமோ முடித்தவர். 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஓசூரில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் 38,000. செப்டம்பரில் வேறு தொழிற்சாலையில் நேரடியாகச் சேர்ந்தார். 2026 மார்ச் வரை ஏழு மாதம், மாதம் 46,000. அப்பா நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மகன் பெயரில் வங்கியில் டெபாசிட் போட்டிருக்கிறார். அந்த ஆண்டு அதற்கு 56,000 ரூபாய் வட்டி. ஒரே வங்கியில் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டியதால் வங்கி பத்து சதவீதம், அதாவது 5,600 ரூபாய், பணம் தரும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டி.டி.எஸ்.ஸாகப் பிடித்துவிட்டது. சேமிப்புக் கணக்கில் 1,400 ரூபாய் வட்டி.

நம் பக்கத்தில் இந்த மாதிரி வாழ்க்கை நிறைய. வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுவதும், வீட்டுப் பணம் படித்த பையன் பெயரில் வங்கியில் கிடப்பதும் சாதாரணம். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் முதல் கணக்கு தவறாகிறது.

உட்காரும் முன்

ஜூன் நடுப்பகுதிக்கு முன்பு ஆரம்பிக்காதீர்கள். நிறுவனங்களும் வங்கிகளும் கடைசிக் காலாண்டின் டி.டி.எஸ். விவரத்தையும் ஆண்டு வட்டி விவரத்தையும் வருமான வரித் துறைக்கு அனுப்ப மே 31 வரை அவகாசம் உண்டு. ஆண்டுச் சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்றிதழான ஃபார்ம் 16-ஐ ஊழியருக்குக் கொடுக்க ஜூன் 15 வரை. ஏப்ரல் மாதமே ஆர்வமாகத் திறந்தால் அரைகுறைப் படம்தான் தெரியும். மறுபக்கம், கடைசித் தேதி 2026 ஜூலை 31. சில ஆண்டுகளில் தேதியை நீட்டிப்பார்கள். போன ஆண்டு செப்டம்பர் வரை போனது. அதை நம்பிக் காத்திருப்பதில் லாபமில்லை. ஜூலை கடைசி வாரத்தில் தளம் மந்தமாகும், ஓ.டி.பி. தாமதமாக வரும். ஜூன் இருபதுக்கும் ஜூலை பத்துக்கும் இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கையில் இருக்க வேண்டியவை: பான் எண், ஆதார், இரண்டு நிறுவனங்களின் சம்பளச் சீட்டுகள், கிடைத்தால் ஃபார்ம் 16, வங்கியின் வட்டிச் சான்றிதழ், பாஸ்புக். இவற்றோடு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும். கைப்பேசித் திரையில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவித் தாவித் தொகைகளை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. எழுதி வைத்துக்கொண்டால் அரை வேலை முடிந்தது.

ஆதாரில் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பள்ளியில் படிக்கும்போது எடுத்த ஆதாரில் அப்பாவின் பழைய எண்ணோ, எப்போதோ காலாவதியான சிம்மோ இருக்கும். கடைசிப் படியில் ஓ.டி.பி. அங்கேதான் போகும். எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும், மாற்றம் பதிவாகச் சில நாட்களும் பிடிக்கும். பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்பதைத் தளத்தின் முகப்பில் உள்ள "Link Aadhaar Status" காட்டும்.

கணக்குத் திறப்பது

கைப்பேசி உலாவியில் `www.incometax.gov.in` என்று நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் இணைப்பை அமுக்க வேண்டாம், வாட்ஸாப்பில் யாராவது அனுப்பும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே வேண்டாம். "Register" போய், "Taxpayer" என்று தேர்ந்து, பான் எண், பெயர், பிறந்த தேதி கொடுத்தால், கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் தனித்தனியாக ஓ.டி.பி. வரும். இரண்டையும் அதனதன் கட்டத்தில் இட வேண்டும். பான் எண்தான் உங்கள் பயனர் பெயர்.

பெயரில் சிக்கிக்கொள்பவர்கள் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துத்தான். ஆனால் பான் அட்டையில் முன்னெழுத்து விரிந்து, அப்பா பெயர் கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும். ஆதாரில் M KUMAR, பானில் KUMAR MUNUSAMY என்று இருந்தால், இங்கே பானில் உள்ளபடியே எழுத வேண்டும். "Last Name" கட்டம் கட்டாயம். பானில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அதை "Last Name" கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விடுங்கள்.

பேருந்து நிலையம் பக்கத்து இணைய மையத்தில் ஏற்கெனவே யாரோ உங்களுக்காகக் கணக்குத் திறந்திருக்கலாம். "ஏற்கெனவே பதிவானது" என்று வந்தால் அப்படித்தான். சில மையங்களில் வாடிக்கையாளரின் கணக்கில் தங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். "Forgot Password" வழியாக ஆதார் ஓ.டி.பி. மூலம் உள்ளே போய், "My Profile"-இல் தொடர்பு விவரங்களை உங்களுடையதாக மாற்றுங்கள். துறையின் கடிதங்கள் எல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

உள்ளே போனதும் இன்னொரு வேலை: "My Profile"-இல் "My Bank Account" பகுதியில் பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கைச் சேர்த்து, சரிபார்ப்புக்கு அனுப்புங்கள். கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் கேட்கும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துக் குறியீடு போடுபவர்கள் கவனிக்க வேண்டும். பல்லவன் கிராம வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்களின் வங்கி 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியானது. வங்கி இணைந்தால் பாஸ்புக்கில் இருப்பதை நம்பாமல் இன்றைய குறியீட்டைக் கிளையில் கேட்டுக்கொள்வது நல்லது. "Validated" என்று வந்த பிறகு, பணம் வர வேண்டிய கணக்கு அதுதான் என்று தேர்ந்து வையுங்கள். சரிபார்க்காத கணக்குக்குப் பணம் வராது.

மூன்று இடம், ஒரே தாள்

இதுதான் இந்த வேலையின் நடுமையம். அவசரப்படாதீர்கள்.

தளத்தில் உங்கள் விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பக்கத்துக்கு AIS என்று பெயர். தளத்தின் மெனுவிலிருந்தே போகலாம். கைப்பேசிக்கு "AIS for Taxpayer" என்ற துறையின் சொந்தச் செயலியும் 2023-இலிருந்து இருக்கிறது. செயலியில் பான் எண் கொடுத்து, இரண்டு ஓ.டி.பி.க்களை இட்டு, நான்கு இலக்க ரகசிய எண் வைத்துக்கொண்டால் போதும். சிறு திரையில் படிக்கத் தளத்தைவிடச் செயலிதான் வசதி. ஆனால் கணக்குத் தாக்கல் செய்வது அதில் நடக்காது, பார்க்க மட்டும்தான். அறிக்கையைப் பி.டி.எஃப்.பாக இறக்கினால் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் எழுதி, பிறந்த தேதியை ஒட்ட வேண்டும். பான் ABCDE1234F, பிறந்த நாள் 1999 ஜூன் 5 என்றால்:

```
abcde1234f05061999
```

இரண்டாவது இடம் 26AS. "e-File", பிறகு "Income Tax Returns", பிறகு "View Form 26AS". உங்கள் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்பதற்கு இதுதான் சாட்சி. மூன்றாவது, உங்கள் கையில் உள்ள காகிதங்கள்.

நம் ஆள் திறந்து பார்க்கிறார். AIS-இல் சம்பளம் 3,22,000. இரண்டாவது நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒப்பந்த நிறுவனத்தைக் காணோம். ஏன்? அவர் சம்பளத்துக்கு வரி வராது என்பதால் அந்த நிறுவனம் எதுவும் பிடிக்கவில்லை. வரி பிடிக்காத ஊழியரின் விவரத்தைத் துறைக்கு அனுப்பாமல் விட்டுவிட்டது. கேட்டால் "உங்களுக்கு டி.டி.எஸ். இல்லை, ஃபார்ம் 16 வராது" என்பார்கள். அது போகட்டும். AIS-இல் இல்லாத வருமானம் வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. ஐந்து சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கூட்ட வேண்டியதுதான்.

எதைக் கூட்டுவது என்பதில் ஒரு சறுக்கல் உண்டு. வங்கியில் வந்தது மாதம் 36,200. ஏனென்றால் பி.எஃப். 1,800 போக மீதிதான் வரும். வங்கி வரவைக் கூட்டினால் 1,81,000. கணக்கில் காட்ட வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம்: 38,000 வீதம் ஐந்து மாதம், 1,90,000. புதிய வரி முறையில் உங்கள் பி.எஃப். பங்குக்குக் கழிவு கிடையாது. மாநகராட்சிக்காக அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில் வரிக்கும் கிடையாது. வேலையை விட்டபோது கணக்கு முடித்துக் கொடுத்த தொகையில் போனஸோ விடுப்புச் சம்பளமோ இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். நம் ஆளுக்கு அப்படி எதுவுமில்லை.

அடுத்து, இரண்டாவது நிறுவனத்தின் ஃபார்ம் 16. அதன் இரண்டாம் பகுதியில் 1(e) என்ற வரி இருக்கும். முந்தைய நிறுவனத்தில் வாங்கியதாக ஊழியர் தெரிவித்த சம்பளம் அங்கே வரும். சேரும்போது பழைய சம்பள விவரம் கொடுத்திருந்தால் அதில் 1,90,000 இருக்கும். அப்போது மறுபடி கூட்டினால் இரட்டிப்பாகும். நம் ஆள் கொடுக்கவில்லை, அங்கே பூஜ்யம்தான். ஆகவே 3,22,000-உடன் 1,90,000 சேர்த்து மொத்தச் சம்பளம் 5,12,000. தாளில் எழுதிக் கட்டம் போடுங்கள்.

வட்டியில் தலைகீழ்ச் சிக்கல். சம்பளம் குறைவாகத் தெரிந்தது போல இது கூடுதலாகத் தெரியும். டெபாசிட் வட்டி 56,000 டி.டி.எஸ். பகுதியில் ஒருமுறை, வங்கி தனியாக அனுப்பிய வட்டி விவரத்தில் இன்னொருமுறை இருக்கும். இரண்டும் ஒரே பணம். வங்கியின் வட்டிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரே தொகைதான் இருக்கும், அதையே எடுங்கள். AIS-இன் சுருக்கமான TIS பக்கம் பெரும்பாலும் இந்த இரட்டைப் பதிவை நீக்கியே காட்டும். நீக்காவிட்டால், அந்தப் பதிவைத் தொட்டு, அது வேறொன்றில் அடங்கியது என்று கருத்துப் பதியலாம்.

"டெபாசிட் இன்னும் முதிரவே இல்லை, கைக்குப் பணம் வரவில்லை, எதற்கு வருமானம்?" என்று நம் ஆள் கேட்கிறார். முதிர்வில் மொத்தமாகத் தரும் டெபாசிட் என்றாலும் வங்கி ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்த வட்டியைக் கணக்கில் ஏற்றி, அதற்கு வரியும் பிடித்துத் துறைக்குத் தெரிவிக்கும். அந்த ஆண்டே காட்டிவிட்டால் பிடித்த வரியையும் அந்த ஆண்டே திரும்பக் கேட்கலாம். அப்பா கொடுத்த பணம் என்பதும் இங்கே உதவாது. பெற்றோர் தந்த பணத்துக்கு வரி இல்லை, ஆனால் அதில் வரும் வட்டி பெயர் யாருடையதோ அவர் வருமானம்.

26AS-ஐத் திறந்தால் வங்கியின் பெயரில் 5,600 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் அது கிடைக்கும். இல்லாவிட்டால் கிளைக்குப் போய், சரியான பான் எண்ணில் விவரம் அனுப்பினார்களா என்று கேட்க வேண்டும். நாமாக எழுதிச் சேர்த்துப் பயனில்லை.

இப்போது தாளில் இருப்பது: சம்பளம் 5,12,000, டெபாசிட் வட்டி 56,000, சேமிப்பு வட்டி 1,400, பிடித்த வரி 5,600. தாக்கல் செய்யத் தேவையான தொகைகள் இவ்வளவுதான்.

எந்தப் படிவம்

சம்பளம், வட்டி மட்டும் உள்ள, 50 லட்சத்துக்குக் கீழ் வருமானம் வாங்கும் நம் ஆளுக்கு ITR-1, அதாவது சகஜ் படிவம். ஆனால் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய இடம் உண்டு. உங்கள் பெயரிலேயே மாந்தோப்பு இருந்து, செலவு போக ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வந்தால் ITR-1 செல்லாது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் சொல்லவே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சொல்ல வேண்டும், அதுவும் ITR-2-இல். தோப்பு அப்பா பெயரில் இருந்து, மகசூல் பணமும் அவருக்கே போனால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ வியாபாரம், கிரிப்டோ, ஐந்து ஆண்டு முடியும் முன்பே பி.எஃப். பணத்தை எடுத்தது, இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையோடு நிறுத்திக்கொண்டு ஒரு ஆடிட்டரிடம் போங்கள். குறிப்பாக பி.எஃப்.: ஒப்பந்த நிறுவனத்தை விட்டவுடன் எடுத்துவிடும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அதன் வரிக் கணக்கு வேறு மாதிரி போகும், கைப்பேசியில் ஊகித்து எழுதும் விஷயமில்லை.

தனியார் செயலிகள் பற்றியும் கேட்பார்கள். ஃபார்ம் 16-ஐ ஏற்றினால் தானாக நிரப்பித் தரும், சில கட்டணம் வாங்கும். ஒரே நிறுவனம், சுத்தமான ஃபார்ம் 16 என்றால் அவை வேகம்தான். நம் ஆள் போன்றவருக்கு அந்த வேகமே ஆபத்து. ஏற்றிய ஃபார்மில் இல்லாத 1,90,000-ஐச் செயலி எங்கிருந்து கொண்டுவரும்? அரசுத் தளம் இலவசம், அதில் செய்வதே என் பரிந்துரை.

தாக்கல்

உலாவி மெனுவில் "Desktop site" என்பதைத் தேர்ந்து, கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொண்டால் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தெரியும். உலாவியின் பின்செல் பொத்தானைத் தொடாதீர்கள், தளத்துக்குள் இருக்கும் "Back"-ஐ மட்டும் பயன்படுத்துங்கள். சற்று நேரம் சும்மா விட்டால் தளம் உங்களை வெளியேற்றிவிடும், ஆகவே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "Save Draft".

"e-File", "Income Tax Returns", "File Income Tax Return" என்று போனால் ஆண்டைக் கேட்கும். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, "வரி ஆண்டு" என்ற புதிய பெயரும் புழங்குவதால் குழப்பம் இருக்கும். நாம் இப்போது போடும் கணக்கு பழைய 1961 சட்டப்படியானது, மதிப்பீட்டு ஆண்டு என்ற பெயரிலேயே தேடுங்கள். பிறகு "Online", "Start New Filing", "Individual", "ITR-1". ஏன் தாக்கல் செய்கிறீர்கள் என்று கேட்டால், வருமானம் அடிப்படை விலக்கைத் தாண்டியது என்ற பதிலைத் தேருங்கள்.

இனி ஐந்து பகுதிகள் வரும். முதலாவதில் சொந்த விவரம். அங்கேயே புதிய வரி முறையிலிருந்து விலகுகிறீர்களா என்ற கேள்வி இருக்கும். நம் ஆளுக்கு வேண்டாம், "No". வங்கிக் கணக்கு சரியா என்றும் ஒரு பார்வை.

இரண்டாவது "Gross Total Income". இங்கேதான் கவனம். சம்பளக் கட்டத்தில் தளம் தானாக 3,22,000 போட்டு வைத்திருக்கும். அதைத் திருத்தி 5,12,000 ஆக்குங்கள். சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக் கழிவு 75,000 ஒருமுறைதான், எத்தனை கம்பெனி மாறினாலும். இரண்டு ஃபார்ம் 16 கையில் இருப்பவர்கள் இரண்டிலும் 75,000 கழிந்த பிறகு வரும் தொகையை எடுத்துக் கூட்டினால் கழிவு இரண்டு மடங்காகிவிடும். அதனால் எப்போதும் கழிவுக்கு முந்தைய தொகையைக் கூட்டுங்கள். வட்டிக்குத் தனித்தனியாகச் சேமிப்புக் கணக்கு 1,400, டெபாசிட் 56,000. ஆக, சம்பளத்தில் 4,37,000, வட்டியில் 57,400, மொத்தம் 4,94,400.

மூன்றாவது பகுதி, கழிவுகள். புதிய முறையில் எல்.ஐ.சி., பி.எஃப்., சேமிப்பு வட்டிக் கழிவு எதுவும் கிடையாது. காலியாக விட்டு உறுதி செய்யுங்கள். நான்காவதில் வங்கி பிடித்த 5,600 தானாக வந்திருக்கும். 26AS தொகையோடு ஒத்துப்பாருங்கள்.

ஐந்தாவதில் வரி. முதல் 4 லட்சத்துக்கு இல்லை. மீதி 94,400-க்கு ஐந்து சதவீதம், 4,720. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் அது முழுவதும் தள்ளுபடி. கட்ட வேண்டியது பூஜ்யம், திரும்ப வர வேண்டியது 5,600.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் ஆள் 3,22,000-ஐத் திருத்தாமல் விட்டிருந்தாலும் திரையில் இதே 5,600 தான் வந்திருக்கும். இரண்டு கணக்கிலும் வரி பூஜ்யம் என்பதால் தவறு வெளியே தெரியாது. ரீஃபண்ட் தொகை எதிர்பார்த்தபடி வந்ததால் கணக்கு சரி என்று நம்பிவிடுவார்கள். பிறகு ஒரு நாள் அந்த ஒப்பந்த நிறுவனம் தாமதமாக விவரம் அனுப்பினால், 1,90,000 ரூபாயை ஏன் காட்டவில்லை என்று அறிவிப்பு வரும். அப்படி எதுவும் வராவிட்டாலும், வண்டிக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ வங்கிக்குப் போனால், கணக்கில் இருக்கும் மூன்று லட்சத்தை வைத்துத்தான் கடன் தொகையை நிர்ணயிப்பார்கள்.

சம்பளம் பெரிதாக இருப்பவருக்கு இதே தவறு நேரடியாகப் பையைக் கடிக்கும். ஒரே ஆண்டில் இரண்டு நிறுவனங்களில் தலா 6,75,000 வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்கை மட்டும் பார்த்து, வரி இல்லை என்று எதுவும் பிடிக்காது. இரண்டும் சேர்ந்தால் 13,50,000. கழிவு போக 12,75,000. வரி 71,250, செஸ் சேர்த்து 74,100. அதை "e-Pay Tax" வழியாக முதலில் கட்டிவிட்டுத்தான் தாக்கல் செய்ய வேண்டும், தாமத வட்டியும் மேலே வரும். புதிய இடத்தில் சேரும்போதே பழைய சம்பள விவரத்தைக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள், ஜூலையில் மூச்சு முட்டாது.

சரிபார்த்து முடிப்பது

"Preview Return" பக்கத்தில் உங்கள் தாளை வைத்துக்கொண்டு நான்கு தொகைகளையும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். அனுப்பியதோடு முடியவில்லை. 30 நாட்களுக்குள் மின்சரிபார்ப்பு செய்யாவிட்டால் தாக்கல் செய்ததாகவே கருத மாட்டார்கள். "e-Verify Now" கொடுத்து ஆதார் ஓ.டி.பி.யைத் தேர்ந்தால் இரண்டு நிமிடம். ஆதார் எண்ணில் சிக்கல் இருந்தால், சரிபார்த்த வங்கிக் கணக்கு மூலமோ நெட்பேங்கிங் மூலமோ குறியீடு பெறலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் தாக்கலுக்கான ஒப்புகைப் படிவமான ITR-V-ஐ அச்சிட்டு, நீல மையில் கையெழுத்திட்டு, பெங்களூரு 560500 மையத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்புவது கடைசி வழி.

ஜூலை 31-ஐத் தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000. நம் ஆளுக்கு 1,000, அவர் ரீஃபண்டிலிருந்தே கழித்துக்கொள்வார்கள்.

சில நாட்களிலோ வாரங்களிலோ மின்னஞ்சலில் 143(1) என்ற தகவல் கடிதம் வரும். திறக்கும் கடவுச்சொல் AIS-க்குச் சொன்ன அதே வடிவம். உள்ளே இரண்டு பத்திகள் அருகருகே இருக்கும், நீங்கள் காட்டியது ஒன்றில், துறை கணக்கிட்டது மற்றதில். இரண்டும் ஒத்திருந்தால் வேறு வேலை இல்லை. ஏதாவது ஓர் இடத்தில் வேறுபட்டால் அது எந்த இடம் என்று பாருங்கள். டி.டி.எஸ். தொகை என்றால் 26AS-ஐயும், வருமானத் தொகை என்றால் உங்கள் தாளையும் எடுத்துப் பாருங்கள். தவறு உங்களுடையது என்றால் அதே பாதையில் போய்த் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யலாம்.

இந்த நாட்களில்தான் "உங்கள் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, கணக்கு எண்ணை உறுதி செய்ய இங்கே தொடவும்" என்று குறுஞ்செய்திகள் வரும். உண்மையான ரீஃபண்ட் நீங்கள் சரிபார்த்து வைத்த கணக்குக்குத் தானாக வரும், யாரும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, தளத்துக்குள் "View Filed Returns" போதும். அங்கே ரீஃபண்ட் தோல்வி என்று காட்டினால் பெரும்பாலும் வங்கிக் கணக்கின் பெயரோ குறியீடோ ஒத்துப்போகாததுதான் காரணம். அதைச் சரிசெய்துவிட்டு, "Services" பட்டியலில் "Refund Reissue" வழியாக மீண்டும் கேளுங்கள். சிக்கினால் துறையின் உதவி எண் 1800 103 0025.